ஸ்கேன் நார்மல் என்றதும் ஃபைலை மூடாதீர்கள்: எண்டோமெட்ரியோசிஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓ.பி.யில் என்னோடு உட்காரும் பி.ஜி. மாணவிகளைக் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். பீரியட்ஸ் வலி என்று ஒரு பெண் வந்தால் உடனே ஸ்கேன் எழுதுகிறார்கள். கர்ப்பப்பையும் சினைப்பைகளும் இயல்பாக இருப்பதாக ரிப்போர்ட் வந்ததும், வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பயிற்சிக் காலத்தில் நானும் இதையேதான் செய்தேன். அதில் ஒரு பெண்ணுக்கு எட்டு வருடம் போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன். டாக்டர்கள் மட்டுமல்ல, வலியோடு இருக்கும் பெண்களும் அவர்களின் அம்மாக்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

நார்மல் ஸ்கேனை நம்பி நின்றுவிடுவது

அந்தப் பெண்ணுக்கு அப்போது 19 வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. 14 வயதிலிருந்து வலி. அம்மா ஒரு மஞ்சள் பையிலிருந்து மூன்று ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார். மூன்றுமே நார்மல். நான் பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது அம்மா, "அந்த மூணு நாளும் பாத்ரூம் போகவே பயப்படுறா டாக்டர்" என்றார். அந்த ஒரு வாக்கியத்திலேயே நோய் இருந்தது. நான் அதை மலச்சிக்கல் என்று எடுத்துக்கொண்டு, இசப்கோல் உமியும் வலி மாத்திரையும் எழுதிக் கொடுத்தேன்.

ஸ்கேனில் ஏன் தெரியவில்லை? கர்ப்பப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு அதற்கு வெளியே, சினைப்பையிலோ குடல் மேலோ வயிற்றறையின் உள்ளுறையிலோ வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. பலருக்கு இது உள்ளுறையில் சில மில்லிமீட்டர் அளவிலான தட்டையான புள்ளிகளாகத்தான் இருக்கும். அல்ட்ராசவுண்டில் அந்தப் புள்ளிகள் தெரியாது. பழைய ரத்தம் தேங்கிச் சினைப்பையில் 'சாக்லேட் சிஸ்ட்' ஆகியிருந்தால் தெரியும். கர்ப்பப்பைக்குப் பின்னால் ஆழமாகப் பதிந்திருந்தால், பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில், அதைத் தேடிப் பார்க்கத் தெரிந்தவர் பார்த்தால் தெரியும். லேசாக அழுத்தும்போது குடல் கர்ப்பப்பையின் மேல் வழுக்கிக்கொண்டு நகர்கிறதா, ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று அவர் பார்ப்பார்.

நம் ஊரில் கல்யாணமாகாத பெண்ணுக்கு அந்த ஸ்கேனைச் செய்வதில்லை. தண்ணீர் குடிக்க வைத்து, வயிற்றின் மேலேயே பார்க்கிறார்கள். அதில் பெரிய சிஸ்ட் தெரியலாம், மற்றவை பெரும்பாலும் தப்பிவிடும். இன்னொன்று, புள்ளிகளின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் சம்பந்தமில்லை. நாலைந்து புள்ளிகள் உள்ளவள் துடிப்பாள், பெரிய சிஸ்ட் உள்ளவள் ஒன்றும் தெரியாமல் நடமாடுவாள்.

நான் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் கொஞ்சம்தான். மலம் கழிக்கும்போதோ சிறுநீர் போகும்போதோ அந்த நாட்களில் வலிக்கிறதா? ரத்தப்போக்கு தொடங்குவதற்கு எத்தனை நாள் முன்பே வலி வருகிறது? நின்ற பிறகும் இருக்கிறதா? கல்லூரிக்கு மாதம் எத்தனை நாள் லீவு? கல்யாணமானவர் என்றால், உறவின்போது உள்ளே ஆழத்தில் வலி உண்டா? மூன்று மாதம் இதை ஒரு காலண்டரில் குறித்துக்கொண்டு வந்தால், நாலாவது ஸ்கேனை விட அது எனக்கு அதிகம் சொல்லும்.

முன்பெல்லாம் லேப்ராஸ்கோப்பி செய்து, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவை விட்டு, கண்ணால் பார்த்தால்தான் எண்டோமெட்ரியோசிஸ் என்று சொல்லலாம் என்றிருந்தது. 19 வயதுப் பெண்ணுக்கு யார் சட்டென்று ஆபரேஷன் செய்வார்கள்? அதனாலேயே பலருக்கு வருடங்கள் ஓடின. 2022-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் இதை மாற்றியது. அறிகுறிகள் பொருந்தினால் ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் சந்தேகத்தின் பேரிலேயே சிகிச்சையைத் தொடங்கலாம். அது பலிக்காவிட்டாலோ ஒத்துவராவிட்டாலோ லேப்ராஸ்கோப்பிக்குப் போகலாம். இதைப் படித்த பி.ஜி.க்களே ஓ.பி.யில் மறந்துவிடும்போது எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

அந்தப் பெண் 27 வயதில் திரும்ப வந்தாள். கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. கையில் அதே மாதிரி ஒரு பை. இந்த முறை இடது சினைப்பையில் 5 சென்டிமீட்டர் சாக்லேட் சிஸ்ட், கர்ப்பப்பையின் பின்பக்கம் குடல் ஒட்டியிருந்தது. 19 வயதிலேயே ஹார்மோன் சிகிச்சை தொடங்கியிருந்தால் சிஸ்ட் வந்தே இருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எட்டு வருட வலியில் பெரும்பகுதியைக் குறைத்திருக்கலாம்.

வலி உச்சத்துக்குப் போன பிறகு மாத்திரை போடுவது

"மாத்திரையே கேட்கலை" என்று வருபவர்களிடம் எப்போது போட்டீர்கள் என்று கேட்டால், "தாங்க முடியாம ஆனப்புறம்" என்பார்கள். வலியைக் கிளப்புவது ப்ரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். மெஃபனமிக் அமிலம், ஐபுப்ரோஃபென் போன்றவை அது உருவாவதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே உருவானதை அகற்றாது. அதனால் முதல் அறிகுறியிலேயே, தேதி தெரிந்தவர்கள் முந்தைய நாளே, சாப்பிட்ட பிறகு தொடங்கி, இரண்டு மூன்று நாள் டாக்டர் சொன்ன இடைவெளியில் விடாமல் போட வேண்டும். அல்சர், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் கூடும் ஆஸ்துமா உள்ளவர்கள் இவற்றைத் தாமாகப் போடக் கூடாது. இரண்டு மூன்று சுழற்சி இப்படிச் சரியாகப் போட்டும் வலி அடங்கவில்லை என்றால், அதுவே தேடிப் பார்க்க வேண்டியதற்கான காரணம்.

ஹார்மோன் மாத்திரையை மூன்றாவது வாரத்தில் நிறுத்துவது

டயனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் தினமும் ஒன்று. அந்தத் திசு வளர்வதை இது அடக்கும். முதல் சில மாதங்களில் அங்கங்கே திட்டுத் திட்டாக ரத்தம் படும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள், மருந்தும் கெட்ட பெயர் வாங்கும். மூன்று மாதமாவது பார்க்க வேண்டும். மனச்சோர்வு கூடினால் மட்டும் காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். "குழந்தை நிக்காமப் போயிடுமா?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். நிறுத்தினால் கருமுட்டை வெளிவருவது திரும்பிவிடும். அதேசமயம் இது கருத்தடைக்கான மாத்திரை இல்லை, கல்யாணமானவர்கள் அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சி.ஏ. 125 ரத்தப் பரிசோதனை

இந்த நோயைக் கண்டுபிடிக்க இதற்குச் செலவழிக்க வேண்டாம்.

"கல்யாணமானா சரியாயிடும்"

ஆகாது. கர்ப்ப காலத்தில் சிலருக்கு வலி குறையும், பிறகு திரும்பலாம். கர்ப்பத்தை மருந்தாக எழுதிக் கொடுக்கவே கூடாது.

ஆபரேஷனோடு எல்லாம் முடிந்தது என்று நினைப்பது

சினைப்பையில் சிஸ்டை எடுக்கும் ஒவ்வொரு முறையும் கருமுட்டை இருப்பு கொஞ்சம் குறையலாம். அதனால் முதல் ஆபரேஷனையே இதில் பழக்கமுள்ளவரிடம் செய்துகொள்ள வேண்டும். உடனே குழந்தை வேண்டாம் என்பவர்கள் அதன் பிறகு ஹார்மோன் சிகிச்சையைத் தொடர்ந்தால், திரும்ப வரும் வாய்ப்பு குறையும்.

நான் சொன்ன பெண்ணுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு பாத்ரூம் வலி நின்றது. ஆனால் உறவின்போது வலி இருந்தது. பரிசோதித்தால் இடுப்படித் தசைகள் கயிறு மாதிரி இறுகியிருந்தன. வருடக்கணக்கில் வலிக்குப் பயந்து உடம்பை இறுக்கிப் பிடித்திருந்ததன் பழக்கம் அது. மாத்திரையும் கத்தியும் அதற்கு உதவாது. பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினேன். வயிற்றை உப்பி மூச்சிழுத்து, விடும்போது இடுப்படியைத் தளர்த்தப் பழகினாள். நாலு மாதம் பிடித்தது.