ஆய்வு முறை ஒப்பீட்டு அட்டவணையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: எலிக்காய்ச்சலை வைத்து ஒரு விளக்கம்

பொதுச் சுகாதாரம் படிக்கிறவர்கள் போடும் ஒப்பீட்டு அட்டவணையில் முறையின் பெயர், பலம், பலவீனம், சின்ன உதாரணம் என்று நான்கு கட்டங்கள் இருக்கும். முதல் தவறு அந்த உதாரணக் கட்டத்திலேயே தொடங்குகிறது. குறுக்குவெட்டு ஆய்வுக்குச் சர்க்கரை நோய், கோஹார்ட்டுக்குப் புகைபிடித்தல், ரேண்டம் சோதனைக்குத் தடுப்பூசி என்று வரிக்கு ஒரு நோயை எழுதினால், வேறுபாடு முறையால் வந்ததா நோயால் வந்ததா என்று படிக்கிறவருக்குத் தெரியாது. ஒரே கேள்வியை எல்லா வரியிலும் வையுங்கள்.

காவிரி டெல்டாவுக்குப் பொருந்தும் கேள்வி ஒன்று: காலில் சேற்றுப்புண்ணோ வெட்டுக்காயமோ இருக்கும்போது நடவுக்கு இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் அதிகம் வருகிறதா? எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் உள்ள கிருமி புண் வழியாக உடம்புக்குள் போகும் என்பதால் கேள்வி நியாயமானதுதான்.

குறுக்குவெட்டு ஆய்வில் ஒரே நாளில் ரத்தமும் எடுப்போம், காலையும் பார்ப்போம். ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் போன வருஷத் தொற்றால் வந்ததாக இருக்கலாம். கால் புண் போன வாரம்தான் வந்திருக்கும். இதைப் பலவீனக் கட்டத்தில் 'காரணத்தை நிறுவ முடியாது' என்று மொட்டையாக எழுதாமல், எது முன், எது பின் என்று தெரியாது என எழுதினால்தான் விஷயம் விளங்கும்.

அதிகம் பிசகுவது, நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் தேர்ந்தெடுத்து முன்பு என்ன இருந்தது என்று ஒப்பிடும் கேஸ்-கன்ட்ரோல் வரியில். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். எலிக்காய்ச்சல் உறுதியான 50 பேரில் 30 பேருக்குக் கால் புண் இருந்தது. நோய் வராத 100 பேரில் 25 பேருக்கு இருந்தது. உடனே சிலர், புண் இருந்தவர்கள் மொத்தம் 55, அதில் 30 பேருக்கு நோய், ஆகவே அபாயம் 55 சதவீதம் என்று எழுதிவிடுகிறார்கள். இது தவறு. நோய் வராதவர்களை 100 பேருக்குப் பதில் 200 பேராக எடுத்திருந்தால், அதே விகிதத்தில் 50 பேருக்குப் புண் இருந்திருக்கும். அப்போது 80 பேரில் 30 பேர், அதாவது 37.5 சதவீதம். ஊரில் எதுவும் மாறவில்லை. நாம் எத்தனை பேரைத் தேர்ந்தெடுத்தோம் என்பது மட்டும்தான் மாறியது. மாறாமல் நிற்பது ஆட்ஸ் விகிதம், அதாவது நோய் வந்தவர்களில் புண் இருந்தவர்களை இல்லாதவர்களால் வகுத்து, அதை நோய் வராதவர்களின் அதே கணக்கால் வகுத்தால் வருவது:

```
(30 × 75) ÷ (20 × 25) = 4.5
(30 × 150) ÷ (20 × 50) = 4.5
```

ஆகவே இந்த வரியின் பலவீனம், நோய் எத்தனை பேருக்கு வரும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது என்பது. பலம், அபூர்வமாக வரும் நோயையும் சில மாதங்களில் ஆராயலாம் என்பது.

இந்த 4.5-ஐயும் அப்படியே நம்பிவிட முடியாது. ஒப்பீட்டுக்கு அதே மருத்துவமனையில் எலும்பு முறிவுக்குப் படுத்திருக்கும் டவுன்காரர்களை எடுத்தால், அவர்களில் பலர் வயலிலேயே இறங்காதவர்கள். புண்ணும் குறைவு, சேறும் குறைவு. விகிதம் ஊதிப்போகும். நோய் வந்திருந்தால் யார் இந்தப் பட்டியலில் சேர்ந்திருப்பாரோ அவர்தான் சரியான ஒப்பீட்டு ஆள்: அதே ஊரில், அதே சம்பா நடவுக்குப் போனவர். அப்புறம் ஞாபகப் பிரச்சினை. காய்ச்சலில் படுத்தவர் புண் எப்படி வந்தது என்று பலமுறை யோசித்திருப்பார். நன்றாக இருப்பவருக்கு அது நினைவில் நிற்காது.

பழைய பதிவேடுகளைப் பார்த்துச் செய்தால் அது கேஸ்-கன்ட்ரோல்தான் என்று எழுதுவதும் அடிக்கடி காணும் பிழை. நடவுக்கு முன் கால் பரிசோதித்த பதிவேடு இருந்து, அதில் புண் உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்து, பிறகு யாருக்குக் காய்ச்சல் வந்தது என்று தேடினால் அது கோஹார்ட். எதை வைத்து ஆளைத் தேர்ந்தெடுத்தோம் என்பதே முறையைத் தீர்மானிக்கிறது; தகவல் எப்போது எழுதப்பட்டது என்பதல்ல.

யாருக்கு எதைக் கொடுப்பது என்று குலுக்கல் போல ஒதுக்கும் ரேண்டம் சோதனை வரியில் 'மிகச் சிறந்தது' என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். யாருக்கும் புண்ணை உண்டாக்கிப் பார்க்க முடியாது. தடுப்பை மட்டுமே சோதிக்கலாம். பனாமாவில் அமெரிக்க ராணுவ வீரர்கள் 940 பேரிடம் நடந்து 1984-இல் வெளியான சோதனையில், வாரம் ஒரு முறை டாக்சிசைக்ளின் எடுத்தவர்களில் ஒருவருக்கும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 20 பேருக்கும் எலிக்காய்ச்சல் வந்தது. முடிவு தெளிவானது. ஆனால் அவர்கள் சுமார் மூன்று வாரம் காட்டுப் பயிற்சியில் இருந்த இளைஞர்கள். குறுவை, சம்பா, தாளடி என்று மாதக்கணக்கில் தண்ணீரில் நிற்கும் நடுத்தர வயதுப் பெண்களுக்கு அதே மாத்திரையை அத்தனை மாதம் கொடுக்கலாமா என்பதற்கு அதில் பதில் இல்லை. இதையும் பலவீனக் கட்டத்தில் எழுத வேண்டும்.

டெல்டாவில் காலுறைக் காலணியைச் சோதித்தால், ஒரே நடவுக் குழுவில் பாதிப் பேருக்குக் கொடுத்துப் பாதிப் பேருக்கு மறுக்க முடியாது. மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். குழுவையோ ஊரையோ மொத்தமாக ஒதுக்க வேண்டும். அப்போது ஒரே வாய்க்கால் தண்ணீரில் நிற்கும் 20 பேரைத் தனித்தனி 20 பேராகக் கணக்கில் எடுக்கக் கூடாது. அதனால் தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கை கூடும். அதை ஆய்வு தொடங்கும் முன்பே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.