பேச்சுக் குறிப்பை எழுத்துத் தமிழாக்குவது எப்படி?

மேடையில் பேச எழுதிய குறிப்பை மலரிலோ அறிக்கையிலோ அச்சிட வேண்டி வந்தால், பலரும் சொல்லுக்குச் சொல் மாற்றத் தொடங்குவார்கள். அப்படிச் செய்தால் பாதி பேச்சும் பாதி எழுத்துமாக நிற்கும். ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போவோம்.

> போன வருஷம் நாங்க ஒரு லைப்ரரி ஆரம்பிச்சோம், அதுக்கு நிறைய பேரு புக்ஸ் குடுத்தாங்க, அதுல பாதி கிழிஞ்சு போயிருந்துச்சு, நாங்களே ஒக்காந்து ஒட்டுனோம், படிக்க வர்ற பிள்ளைங்களுக்கு இடம் பத்தலன்னு தலைவர்கிட்ட சொன்னோம், அவரு பாக்குறேன்னு சொன்னாரு.

படி 1: முற்றுப்புள்ளி வையுங்கள்

பேச்சில் மூச்சு விடும் இடத்தில் கமா போட்டிருப்போம். எழுத்தில் வினைமுற்று வந்தால் பெரும்பாலும் வாக்கியம் முடிந்துவிடும். ஆரம்பிச்சோம், குடுத்தாங்க, போயிருந்துச்சு, ஒட்டுனோம், சொன்னோம், சொன்னாரு: ஆறு வினைமுற்றுகள், ஆறு வாக்கியங்கள். பிடித்தால் பிறகு இரண்டை இணைத்துக்கொள்ளலாம்.

படி 2: வினைகளைத் திருத்துங்கள்

நேரம் பிடிப்பது இந்தப் படிதான். முதலில் ஒலி. பேச்சில் ‘த்த’ பல இடங்களில் ‘ச்ச’ ஆகும், ‘ந்த’ ‘ஞ்ச’ ஆகும். ஆரம்பிச்சோம் என்பது ஆரம்பித்தோம்; கிழிஞ்சு என்பது கிழிந்து. ஆனால் எல்லா ‘ஞ்ச’வையும் மாற்றினால் ‘கெஞ்சினோம்’ கூட ‘கெந்தினோம்’ ஆகிவிடும்! சந்தேகம் வந்தால் எதிர்காலத்தில் சொல்லிப் பாருங்கள். கிழியும் என்பதில் ‘ஞ்ச’ இல்லை, ஆகவே அது பேச்சு ஒலி. கெஞ்சுவோம் என்பதில் இருக்கிறது, ஆகவே அது வேர்ச்சொல்லிலேயே உள்ளது, தொடக் கூடாது. ‘ஒட்டுனோம்’ போன்றவை எளிது: ஒட்டினோம்.

அடுத்து, வினை யாரைக் குறிக்கிறது என்று பாருங்கள். பேச்சில் ‘-ஆங்க’ இரண்டு வேலை செய்கிறது. ‘அம்மா சொன்னாங்க’ என்றால் ஒருவர், மரியாதை. ‘பிள்ளைங்க சொன்னாங்க’ என்றால் பலர். எழுத்தில் இவை பிரிந்துவிடும்: அம்மா சொன்னார், பிள்ளைகள் சொன்னார்கள். ‘சிறப்பு விருந்தினர் வந்தார்கள், அவர் பேசினார்’ என்று எழுதினால் வந்தது ஒருவரா பலரா என்று வாசகர் குழம்புவார். நம் பத்தியில் ‘நிறைய பேரு’ என்பதால் ‘கொடுத்தார்கள்’ சரி.

பேச்சு மறைத்துவிடும் இன்னொன்று அஃறிணைப் பன்மை. ‘போயிருந்துச்சு’ என்பதை ‘போயிருந்தது’ என்று மாற்றிவிட்டு நிம்மதியாகக் கடந்துபோய்விடுவோம். கிழிந்தவை பல புத்தகங்கள், ஆகவே ‘கிழிந்திருந்தன’. அதே காரணத்தால் ‘அதுல’ என்பதும் ‘அதில்’ அல்ல, ‘அவற்றில்’. எழுவாயையும் வினையையும் மட்டும் தனியே சேர்த்துப் படித்தால் இந்தப் பிழை பளிச்சென்று தெரியும்: ‘புத்தகங்கள் கிழிந்திருந்தது.’

படி 3: உருபுகளும் ‘-ன்னு’வும்

தலைவர்கிட்ட என்பது தலைவரிடம். அதுக்கு என்பது அதற்கு. ‘-ன்னு’ வரும் இடத்தில் ‘என்று’ போடலாம்: ‘இடம் போதவில்லை என்று தெரிவித்தோம்.’ அல்லது ‘-ஆக’ சேர்க்கலாம்: ‘பார்ப்பதாகக் கூறினார்.’

இங்கே ஓர் எச்சரிக்கை. எழுத்து நடை என்றதும் பலருக்குக் கை நீண்டுவிடும். தலைவரின் ‘பாக்குறேன்’ என்பது ‘ஆவன செய்வதாக உறுதியளித்தார்’ என்று ஆகிவிடும். அவர் உறுதி தரவில்லை. ‘கவனிப்பதாகக் கூறினார்’ என்பதோடு நிறுத்துங்கள்.

படி 4: ஒற்று கடைசியில்

சொற்கள் மாறிக்கொண்டிருக்கும்போதே ஒற்றைப் பார்ப்பது வீண் வேலை. ஐ, கு என்னும் உருபுகள் வெளிப்படையாக வந்து, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்று மிகும்: ஒன்றைத் தொடங்கினோம், அதற்குப் பலர். ‘கிழிந்த புத்தகம்’ போன்ற பெயரெச்சத்தில் மிகாது. ‘கிழிந்தப் புத்தகம்’ என்று எழுதுவது அச்சில்கூட அடிக்கடி கண்ணில் படும் பிழை.

லைப்ரரி, வருஷம் போன்றவற்றை நூலகம், ஆண்டு என மாற்றிவிட்டால் பத்தி இப்படி நிற்கும்:

> கடந்த ஆண்டு நாங்கள் நூலகம் ஒன்றைத் தொடங்கினோம். அதற்குப் பலர் புத்தகங்கள் கொடுத்தார்கள். அவற்றில் பாதி கிழிந்திருந்தன. நாங்களே உட்கார்ந்து ஒட்டினோம். படிக்க வரும் பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை என்று தலைவரிடம் தெரிவித்தோம். கவனிப்பதாக அவர் கூறினார்.

‘உட்கார்ந்து’ என்பதை ‘அமர்ந்து’ ஆக்கவில்லை, கவனித்தீர்களா? அது எழுத்துக்கும் பொருந்தும் சொல்தான். புத்தகம் ஒட்டியவர்களின் உழைப்பும் அதில் கொஞ்சம் தெரிகிறது.