சைட் இன்ஜினியரின் தினசரி மெயிலைத் திருத்துபவர்கள் செய்யும் தவறுகள்

கட்டுமான சைட்டிலிருந்து மாலை ஆறு மணிக்கு மேல் வரும் மெயில், நாள் முழுக்க வெயிலில் நின்ற ஒருவர் போனில் கட்டைவிரலால் அடித்தது. வினைச்சொல் பாதியில் நிற்கும், எழுவாய் இருக்காது, நேற்று நடந்ததும் நாளை நடக்கப்போவதும் ஒரே வரியில் கிடக்கும். அதைத் திருத்தி வாடிக்கையாளருக்கும் ஆலோசகருக்கும் அனுப்பும் வேலையைச் சில ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். இந்த வேலையில் எழுத்துப்பிழை விட்டுப்போவதால் பெரிய சேதம் வருவதில்லை. வாக்கியத்தை அழகாக்கும்போது அதில் சொல்லப்பட்ட விஷயமே மாறிவிடுவதுதான் சேதம்.

ஒரு மெயிலை எடுத்துக்கொள்வோம். தேதி 15.

> 2வது தளம் ஏ பகுதி ஸ்லாப் கம்பி 80% முடிந்தது. முட்டு செக் பண்ணுவோம், ஓகே. சி பகுதி தூண் கான்கிரீட் இல்லை. மழை. பம்ப் வரவில்லை. பி பகுதி க்யூப் 7 நாள் ஓகே வரும். முட்டு கழற்றுகிறோம். 17ஆம் தேதி ஸ்லாப் கான்கிரீட், டிராயிங் வரணும்.
> ஆட்கள்: கம்பி 14, தச்சு 9, உதவி 11.

காலத்தை நாமே முடிவு செய்வது

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. தமிழில் வினைமுற்றின் வடிவத்தை வைத்து மட்டும் ஒரு செயல் நடந்ததா, நடக்கிறதா, நடக்கப்போகிறதா என்று சொல்லிவிட முடியாது. ‘தினமும் காலையில் செக் பண்ணுவோம்’ என்றால் அது வழக்கம். ‘நாளைக்கு செக் பண்ணுவோம்’ என்றால் எதிர்காலம். ‘இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பார்’ என்பதுபோல ‘ஓகே வரும்’ என்பது வெறும் ஊகமாகவும் இருக்கலாம். நிகழ்காலமும் அப்படித்தான். ‘அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன்’ என்று சொல்பவர் இன்னும் கிளம்பியிருக்க மாட்டார்.

‘முட்டு செக் பண்ணுவோம், ஓகே’ என்ற வரியைப் பாருங்கள். கூடவே ‘ஓகே’ இருப்பதால் செக் பண்ணி முடித்துவிட்டார்கள் என்று தோன்றும். ‘முட்டுகள் சரிபார்க்கப்பட்டன, சரியாக உள்ளன’ என்று எழுதக் கை தானாகப் போகும். முதல் வருடத்தில் நானும் இதேபோன்ற ஒரு வரியை அப்படித்தான் திருத்தினேன். இரண்டு நாள் கழித்து ஆலோசகர் அந்தச் சரிபார்ப்புப் பதிவைக் கேட்டார். அப்படி ஒரு பதிவே இல்லை. இன்ஜினியர் எழுதியது ‘வழக்கமாகப் பார்ப்போம், பிரச்சினை ஒன்றும் இல்லை’ என்ற அர்த்தத்தில். ஈரமான கான்கிரீட்டின் எடை முழுவதையும் தாங்கப்போகும் முட்டுகளுக்கு, நடக்காத ஒரு பரிசோதனையை நடந்ததாக எழுதிக் கொடுத்தது நான்.

‘சரிபார்க்கப்பட்டன’ என்ற செயப்பாட்டு வினையில் இன்னொரு கேடும் இருக்கிறது. யார் பார்த்தார் என்பதை அது மறைத்துவிடும். போர்மேன் பார்த்ததும் இன்ஜினியர் பார்த்ததும் ஆலோசகர் பார்த்துக் கையெழுத்திட்டதும் மூன்று வேறு விஷயங்கள். இந்த மெயிலுக்காகப் போன் செய்து கேட்டபோது கிடைத்த பதில்: “காலையில் போர்மேன் பார்த்தார். நான் நாளைக்குப் பார்க்கணும் சார்.” இந்த இரண்டையும் தனித்தனி வாக்கியமாக எழுதினால் போதும்.

பழைய மெயிலைத் திறக்காமல் திருத்துவது

‘பி பகுதி க்யூப் 7 நாள் ஓகே வரும். முட்டு கழற்றுகிறோம்.’ இந்த இரண்டு வரிகளை இன்றைய மெயிலை மட்டும் வைத்துக்கொண்டு திருத்த முடியாது. 9ஆம் தேதி மெயிலில் ‘பி பகுதி ஸ்லாப் கான்கிரீட் முடிந்தது’ என்று இருக்கிறது. பலத்தை உடைத்துப் பார்ப்பதற்காக அன்று அதே கான்கிரீட்டில் வார்த்த க்யூப்களுக்கு 7 நாள் நிறைவது 16ஆம் தேதி. இந்த மெயில் 15ஆம் தேதியுடையது. ஆகவே க்யூப்களை இன்னும் உடைத்திருக்கவே முடியாது, ரிசல்ட் என்று ஒன்று இல்லை. ‘வரும்’ என்பது நம்பிக்கை. ‘7 நாள் க்யூப் முடிவுகள் திருப்திகரமாக உள்ளன’ என்று திருத்தியிருந்தால் இல்லாத சோதனை முடிவை நாமே உண்டாக்கியிருப்போம்.

இவ்வளவு தெரிந்த பிறகு அடுத்த வரி பயமுறுத்த வேண்டும். ‘முட்டு கழற்றுகிறோம்’ என்பது நிஜமான நிகழ்காலம் என்றால், ஆறு நாள் வயதுள்ள ஸ்லாபின் அடியிலிருந்து, பலம் என்ன என்று தெரியாமலே முட்டுகளை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட் கான்கிரீட் 7 நாளில் தன் 28 நாள் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை எட்டும். ஆனால் அது பொதுவான கணக்கு. குறிப்பிட்ட ஒரு ஸ்லாபுக்கு எப்போது முட்டு எடுக்கலாம் என்பதை அந்த வேலையின் விவரக்குறிப்பும் ஸ்லாபைத் தாங்கும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரமும் கிடைத்த பலமும்தான் முடிவு செய்யும். இப்படி ஒரு வரி வந்தால் மெயிலைத் திருத்துவதை நிறுத்திவிட்டு உடனே போன் எடுக்க வேண்டும். பதில் வரும்வரை காத்திருக்கும் விஷயம் இல்லை இது.

நல்லவேளையாக அவர் சொன்னது: “இல்ல சார், நாளைக்கு ரிசல்ட் வந்து, ஆலோசகர் சரின்னு சொன்னாதான் கழட்டுவோம்.” ஊருக்குப் போகிறேன் என்பதுபோன்ற நிகழ்காலம். இதே வரியை ‘முட்டுகள் அகற்றப்பட்டு வருகின்றன’ என்று திருத்தி அனுப்பியிருந்தால் ஆலோசகர் வேலையையே நிறுத்தச் சொல்லியிருப்பார். அவர் செய்தது சரியாகவும் இருந்திருக்கும்.

துண்டு வாக்கியங்களை ஒட்டவைப்பது

‘சி பகுதி தூண் கான்கிரீட் இல்லை. மழை. பம்ப் வரவில்லை.’ மூன்று துண்டுகள். படிக்கும்போதே மனம் இவற்றுக்கு நடுவே ‘ஆல்’ சேர்த்துவிடும்: ‘மழையால் பம்ப் வராததால் தூண் கான்கிரீட் போட முடியவில்லை.’ இலக்கணம் சுத்தம். ஆனால் இன்ஜினியர் காரணம் எதுவும் சொல்லவில்லை, மூன்று செய்திகளை வரிசையாக வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

காரணம் யார் தலையில் விழுகிறது என்பது கட்டுமான ஒப்பந்தத்தில் பணமாகவும் நாட்களாகவும் மாறும். உதாரணமாக, பல நாடுகளில் பயன்படும் ஃபிடிக் ஒப்பந்தத்தின் 1999 சிவப்புப் பதிப்பில், வழக்கத்துக்கு மாறான கடுமையான வானிலைக்குக் கூடுதல் நாட்கள் கேட்கலாம். ஒப்பந்தக்காரர் வாடகைக்கு எடுத்த பம்ப் வராமல்போனது அவருடைய சொந்தப் பொறுப்பு. அதே பதிப்பின் 20.1ஆம் பிரிவு, கூடுதல் நாளோ பணமோ கேட்கும் ஒப்பந்தக்காரர், நிகழ்வை அறிந்த 28 நாட்களுக்குள் அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது. நடந்தபோதே எழுதிய பதிவுகளை வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நாம் திருத்திக்கொண்டிருக்கும் இந்த மெயிலும் அப்படிப்பட்ட ஒரு பதிவுதான். அதில் ஒரு ‘ஆல்’ விகுதியை நாம் சேர்த்தால், மாதங்கள் கழித்து அதை யாரோ ஒருவர் சாட்சியாக எடுத்து வைப்பார்.

கேட்டதில் தெரிந்தது: பம்ப் ஒரு மணிக்கு வரவேண்டியது. பழுதாகிவிட்டது என்று 1.20க்குத் தகவல் வந்தது. மழை பிடித்ததே 2.10க்கு, விட்டது 4.40க்கு. தூண் வேலை நின்றதற்கு மழை காரணமே இல்லை. ஆனால் ஏ பகுதியில் கம்பி கட்டும் வேலையை மழை இரண்டரை மணி நேரம் நிறுத்தியிருக்கிறது. அதை அவர் எழுதவே இல்லை. நேரம் கேட்டதால்தான் வெளியே வந்தது.

‘டிராயிங் வரணும்’ என்பதும் இதே வகை. ‘வரணும்’ என்றால் வந்தாக வேண்டும் என்பதா, வந்திருக்க வேண்டியது இன்னும் வரவில்லை என்பதா? எந்த டிராயிங், யாரிடமிருந்து, அது இல்லாவிட்டால் கான்கிரீட் நிற்குமா? இங்கே அது மின்குழாய்களுக்கான திருத்திய டிராயிங். 12ஆம் தேதியே வந்திருக்க வேண்டியது. வராமல் ஸ்லாப் வார்த்தால் பிறகு உடைத்துத்தான் குழாய் பதிக்க வேண்டும். இத்தனையும் ‘வரணும்’ என்ற ஒரு சொல்லுக்குள் இருந்தது.

எல்லாவற்றையும் வாக்கியமாக்குவது

ஆட்கள் எண்ணிக்கையை ‘இன்று கம்பி கட்டுபவர்கள் பதினான்கு பேரும்...’ என்று நீட்ட வேண்டாம். பட்டியலாக வந்த எண் பட்டியலாகவே இருக்கட்டும். துண்டாக இருப்பது குறை இல்லை. அர்த்தம் இரண்டாகப் பிரிந்தால்தான் குறை.

‘80% முடிந்தது’ என்பதை ‘80% முடிந்துள்ளது’ என்று மாற்றுவதால் எந்தப் பயனும் இல்லை. எதில் 80% என்பதே கேள்வி. ஸ்லாப் பரப்பிலா, கட்டவேண்டிய கம்பியின் எடையிலா? கீழ்வரிசைக் கம்பி முழுவதும் முடிந்து, மேல்வரிசை பாதி நிற்கிறது என்று எழுதினால் சதவீதமே தேவைப்படாது.

‘விளக்கவும்’ என்று கேட்பது

களைத்துப்போன ஒருவருக்கு ‘2ஆவது வரியைத் தெளிவுபடுத்தவும்’ என்று அனுப்பினால், அதே வரி வேறு சொற்களில் திரும்பி வரும். ஒரு சொல்லில் பதில் வரும்படி கேளுங்கள்: முட்டு இன்று பார்த்தாயிற்றா, நாளைக்கா? பார்த்தது யார்? பம்ப் தகவல் மழைக்கு முன்பா, பின்பா? அவர் சைட்டை விட்டுக் கிளம்பும் முன் கேட்டால் ஐந்து நிமிடத்தில் முடியும். மறுநாள் கேட்டால் நேரங்கள் அவருக்கே மறந்திருக்கும்.

பதில்களுக்குப் பிறகு மெயில் இப்படி ஆனது:

> 2வது தளம், ஏ பகுதி ஸ்லாப்: கீழ்வரிசைக் கம்பி முடிந்தது, மேல்வரிசை பாதி முடிந்தது. மழையால் 2.10 முதல் 4.40 வரை கம்பி வேலை நின்றது. முட்டுகளைப் போர்மேன் இன்று காலை பார்த்தார். நான் 16ஆம் தேதி சரிபார்ப்பேன்.
> சி பகுதி தூண்: இன்று கான்கிரீட் போடவில்லை. 1 மணிக்கு வரவேண்டிய பம்ப் பழுதானதாக 1.20க்குத் தகவல் வந்தது.
> பி பகுதி ஸ்லாப் (9ஆம் தேதி போட்டது): 7 நாள் க்யூப் சோதனை 16ஆம் தேதி. முடிவு வந்து ஆலோசகர் ஒப்புதல் தந்த பிறகே முட்டுகளைக் கழற்றுவோம்.
> 17ஆம் தேதி ஏ பகுதி ஸ்லாப் கான்கிரீட் போடத் திட்டம். 12ஆம் தேதி வரவேண்டிய மின்குழாய் டிராயிங் இன்னும் வரவில்லை. அது வந்தால்தான் போட முடியும்.
> ஆட்கள்: கம்பி 14, தச்சு 9, உதவி 11.

இதை அவருக்கே திருப்பி அனுப்பி, அவர் படித்து, அவர் பெயரில் அவரே அனுப்ப வேண்டும். அவருடைய முதல் வடிவத்தை அழிக்கக் கூடாது. அனுப்பிய பிறகு தவறு தெரிந்தால், பழையதை மாற்றி மறுபடி அனுப்பாமல், எந்தத் தேதி மெயிலின் எந்த வரி தவறு என்று குறிப்பிட்டுப் புதிதாக ஒன்று அனுப்ப வேண்டும்.

சில மாலைகளில் போன் எடுக்கவே மாட்டார். அன்று அந்த வரியை அவர் எழுதியபடியே மேற்கோள் குறிக்குள் விட்டுவிட்டு, பக்கத்தில் ‘உறுதிசெய்யப்படவில்லை, நாளை காலை தெரிவிக்கப்படும்’ என்று எழுதுகிறேன். முட்டு கழற்றுவது மாதிரியான வரி என்றால் மட்டும் அப்படி விடுவதில்லை. போர்மேனையோ ப்ராஜெக்ட் மேனேஜரையோ பிடிக்கும்வரை மெயில் என் மேசையைத் தாண்டாது.