சிப்ஸ் சிவந்துவிட்டது, ஆனால் மொறுமொறுப்பு வரவில்லை: எங்கே தவறுகிறது?

வீட்டில் உருளைக்கிழங்கு சிப்ஸ் போடுபவர்கள் அதிகம் சொல்லும் குறை இதுதான். ஓரம் சிவந்து, சில இடங்களில் கருகியும் இருக்கிறது. நடுவில் தொட்டால் வளைகிறது. உடனே அடுத்த ஈடுக்குத் தீயைக் கூட்டுவார்கள், அது இன்னும் சீக்கிரம் சிவக்கும். தீயைக் குறைத்தால் எண்ணெய் குடித்துத் தொளதொளவென்று வரும். கிழங்கு சரியில்லை என்று விட்டுவிடுவார்கள்.

நிறமும் மொறுமொறுப்பும் ஒன்றல்ல என்பதுதான் இங்கே முதலில் புரியவேண்டியது. பச்சைக் கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். நல்ல சிப்ஸில் நூறில் இரண்டு பங்குதான் தண்ணீர் மிஞ்சியிருக்கும். அந்தத் தண்ணீர் போவதுதான் மொறுமொறுப்பு. நிறம் கிழங்கில் உள்ள சர்க்கரை சூட்டில் சிவப்பதால் வருவது. தண்ணீர் முழுக்கப் போகும் முன்பே சிவந்துவிட்டால், சிவந்த மெத்தென்ற சீவல்தான் கிடைக்கும். சீவும் பருமன், கழுவுதல், எண்ணெய்ச் சூடு என்று மூன்று இடத்தில் நடக்கும் தவறுகளும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கின்றன.

கிழங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கமெல்லாம் உருளை விளைகிறது. கர்நாடகத்திலிருந்தும் நிறைய வருகிறது. சிப்ஸுக்கென்றே சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய குஃப்ரி சிப்சோனா போன்ற ரகங்கள் இருக்கின்றன. ஆனால் உழவர் சந்தையில் ரகத்தின் பெயர் கேட்டு வாங்க முடிவதில்லை. அதனால் இரண்டை மட்டும் கவனியுங்கள். கட்டை விரலால் தேய்த்தாலே தோல் உரியும் புதுக்கிழங்கு வேண்டாம், அதில் தண்ணீர் அதிகம். ஃப்ரிட்ஜில் வைத்த கிழங்கும் வேண்டாம். குளிரில் இருக்கும் கிழங்கு தன் மாவைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். அது எந்தச் சூட்டில் போட்டாலும் சீக்கிரம் சிவக்கும். வாங்கியதும் கூடையில், இருட்டான காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தால் போதும்.

இனி பருமன். "மெல்லிசா சீவுங்க" என்று எல்லாரும் சொல்வார்கள், எவ்வளவு மெல்லிசு என்று யாரும் சொல்வதில்லை. ஒன்றரை மில்லிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒற்றைச் சீவலில் அளக்க முடியாது. பத்துச் சீவலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பள்ளிக்கூட ஸ்கேலை நட்டுவைத்துப் பாருங்கள். அடுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் உயரம் வந்தால் சரி. இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போனால் சிப்ஸ் கட்டையின் பிளேடு உங்களுக்கு உதவாது. ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே போனால் மொறுமொறுவென்று வரும், ஆனால் கண் இமைக்கும் நேரத்தில் கருகும். எடைக்கு எண்ணெயும் அதிகம் பிடிக்கும்.

பருமனைவிடச் சீர் முக்கியம். கத்தியால் அரிந்தால் பெரும்பாலும் ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர், மறுபக்கம் இரண்டு என்று ஆப்பு மாதிரி விழும். தண்ணீர் வெளியேறும் நேரம் பருமனோடு சமமாகக் கூடுவதில்லை. பருமன் இரட்டித்தால் நேரம் இரட்டிப்புக்கும் மேலே போகும். மெல்லிய பக்கம் முடிந்து சிவக்க ஆரம்பிக்கும்போது தடித்த பக்கத்தில் இன்னும் ஈரம் நிற்கிறது. எவ்வளவு பக்குவமான எண்ணெயும் அந்தச் சீவலைக் காப்பாற்றாது. கட்டையில் சீவும்போதும் அழுத்தம் மாறினால் இதே கதைதான். கிழங்கின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் நறுக்கிவிட்டு அந்தத் தட்டைப் பக்கத்தைப் பிளேடில் வைத்து, ஒரே அழுத்தத்தில், ஒரே திசையில் தள்ளுங்கள். கடைசியில் கையில் நிற்கும் துண்டைக் குழம்புக்கு எடுத்து வைத்துவிடலாம்.

கடைகளில் கட்டையை எண்ணெய்க்கு மேலேயே பிடித்து நேராகச் சீவி விடுவதைப் பார்த்து வீட்டில் அப்படிச் செய்பவர்கள் உண்டு. அங்கே பெரிய சட்டி நிறைய எண்ணெயும் பெரிய அடுப்பும் இருக்கின்றன. ஒரு கிழங்கு விழுந்தால் அந்த எண்ணெய்க்குத் தெரியவே தெரியாது. நம் ஒரு லிட்டருக்கு அது ஆகாது. கையும் ஆவியில் வெந்துபோகும்.

சீவியதும் கழுவுவது ஏன்? பிளேடு போன இடமெல்லாம் கிழங்கின் செல்கள் அறுபட்டு, உள்ளே இருந்த மாவு சீவலின் மேல் ஒட்டியிருக்கிறது. அப்படியே எண்ணெயில் போட்டால் அந்த மாவு ஈரத்தோடு சேர்ந்து கஞ்சியாகி, இரண்டு மூன்று சீவல்களை ஒன்றாக ஒட்டிவிடும். ஒட்டிய இடத்தில் ஆவி வெளியே வர வழியில்லை, அது கடைசிவரை மெத்தென்றுதான் இருக்கும். உதிர்ந்த மாவு சட்டியின் அடியில் போய்க் கருகி, அடுத்த ஈடில் கரும்புள்ளியாக ஒட்டும். மேற்பரப்பில் இருக்கும் சர்க்கரையும் கழுவும்போது கொஞ்சம் போய்விடும்.

குழாயடியில் ஒரு வடிதட்டைக் காட்டி எடுப்பது கழுவுவதாகாது. அகலமான பாத்திரத்தில் சீவல் மூழ்கி நீந்தும் அளவு தண்ணீர் ஊற்றி, கையை விட்டு அலசுங்கள். முதல் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் போல வெள்ளையாக இருக்கும். அதை ஒரு சொம்பில் பிடித்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள்: மேலே தண்ணீர் தெளிந்து, அடியில் விரலால் அழுத்தினால் கெட்டியாக நிற்கும் வெள்ளை மாவு படிந்திருக்கும். இவ்வளவும் எண்ணெய்க்குப் போயிருக்கும். மூன்றாம் தண்ணீரிலோ நான்காம் தண்ணீரிலோ பாத்திரத்தின் அடி தெளிவாகத் தெரியும், அப்போது நிறுத்தலாம். கடைசித் தண்ணீரில் பதினைந்து நிமிடம் ஊறட்டும். நல்லதுதானே என்று ராத்திரி முழுக்க ஊற வைக்காதீர்கள். சீவல் தண்ணீர் குடித்து விறைத்துக்கொள்ளும், அந்தத் தண்ணீரையும் எண்ணெய்தான் விரட்டவேண்டும்.

கழுவிவிட்டு ஈரம் போக்காமல் விடுவது அடுத்த தவறு. பழைய பருத்தி வேட்டியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, இன்னொரு துணியால் ஒற்றி, ஃபேன் காற்றில் பத்து நிமிடம் விடுங்கள். சீவலைத் தொட்டால் விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. பங்குனி, சித்திரையில் தருமபுரி வெயிலில் மாடியில் காயவைத்தால் சீக்கிரம் ஆகுமே என்று தோன்றும். வேண்டாம், ஓரம் சுருண்டு நடுப்பகுதி ஈரமாகவே நிற்கும். பருமன் சீராகச் சீவியதற்கே பலன் போய்விடும்.

இப்போது எண்ணெய். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள், அதனால் ஒரு ஈடை முழுசாகவே சொல்கிறேன். வடைச்சட்டியில் ஒரு லிட்டர் ரீஃபைண்ட் கடலை எண்ணெய், சட்டியில் பாதிக்கு மேல் போகாமல். நம் பக்கம் செக்குக் கடலை எண்ணெய் நன்றாகக் கிடைக்கிறது, வாசனையும் அருமை, ஆனால் இந்தச் சூட்டுக்கு அது சீக்கிரம் நுரைத்துப் புகையும். தாளிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் 170 டிகிரிக்கு வரட்டும். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுவது நல்லது. இல்லையென்றால் ஒரு சீவலைப் போடுங்கள். அடியில் போய் மூன்று நான்கு நொடியில் குமிழிகளோடு மேலே வரவேண்டும். அடியிலேயே கிடந்தால் சூடு போதாது, அரை நிமிடத்துக்குள் ஓரம் சிவந்தால் சூடு அதிகம்.

ஒரு ஈடுக்கு 100 கிராம், அதாவது உள்ளங்கை அகலத்தில் பாதியளவுள்ள சீவல் முப்பது வரை. அதில் 80 கிராம் தண்ணீர் இருக்கிறது. அவ்வளவையும் ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பத்தை எண்ணெய் மட்டுமே கொடுப்பதாக இருந்தால், ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய நூறு டிகிரி இறங்கிப்போகும். அடுப்பு இடைவிடாமல் ஈடுகட்டுவதால்தான் தாக்குப்பிடிக்கிறது. மூன்று கைப்பிடியை ஒரே நேரத்தில் கொட்டினால் அடுப்பால் ஈடுகட்ட முடியாது. எண்ணெய் 130 டிகிரிக்கும் கீழே போய், சீவல் பொரிவதற்குப் பதிலாக வெந்து, தோல் மாதிரி இழுபடும்.

ஆகவே போடுவதற்குச் சற்று முன்பே தீயை முழுசாக வையுங்கள். சீவலை ஒவ்வொன்றாக, அடுத்தடுத்துப் போடுங்கள். சூடு 150 பக்கம் இறங்கும், பயப்பட வேண்டாம். பதினைந்து நொடி கழித்து ஜல்லிக் கரண்டியால் மெல்லப் பிரித்து விடுங்கள். ஒன்றரை, இரண்டு நிமிடம் எண்ணெய் பொங்கிப் பொங்கிக் குமிழும். பிறகு குமிழி சிறுக்க ஆரம்பிக்கும். அந்த நொடியில் தீயைக் குறைக்கவேண்டும். அதுவரை வெப்பத்தை வாங்கிக்கொண்டிருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. முழுத் தீ அப்படியே எரிந்தால் எண்ணெய்ச் சூடு மளமளவென்று ஏறும். தங்க நிறத்தில் இருந்த சிப்ஸ் கடைசி அரை நிமிடத்தில் கருகுவது இதனால்தான். சீராகச் சூடு வைப்பது என்றால் தீயை ஒரே அளவில் விட்டுவிடுவது அல்ல.

எப்போது எடுப்பது? தருமபுரியில் ஒரு சூடான சிப்ஸ் கடையில், "மாஸ்டர், கலர் வந்ததும் எடுத்துடலாமா?" என்று கேட்டதற்கு, அவர் சட்டியை விட்டுக் கண்ணெடுக்காமல், "கலரைப் பாக்காதீங்கக்கா, சத்தம் அடங்கட்டும்" என்றார். சரியான அளவுகோல் அதுதான். சடசடவென்ற சத்தம் அடங்கி, சீவலின் ஓரத்தில் குண்டூசித் தலை அளவில் ஒன்றிரண்டு குமிழி மட்டும் நிற்கும்போது எடுத்துவிடுங்கள். நிறம் வெளிர் மஞ்சளாக இருந்தாலும் பரவாயில்லை, வெளியே வந்த பிறகும் சற்று ஏறும். குமிழி அடங்கும் முன்பே சிவந்துவிட்டால் அது கிழங்கின் சர்க்கரை. அப்படிப்பட்ட கிழங்குக்கு, அடுத்த முறை சீவலைக் கழுவியபின் கை பொறுக்காத சூட்டில், ஆனால் கொதிக்காத தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்துக் காயவைத்தால் நிறம் தணியும்.

எண்ணெய் அதிகம் உள்ளே போவது சட்டியில் அல்ல, எடுத்த பிறகு. சீவல் ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். எனவே கரண்டியோடு எண்ணெய்க்கு மேலேயே வைத்து நன்றாக உதறுங்கள். அதன்பின் கம்பி வலையிலோ டிஷ்யூ விரித்த அகலத் தட்டிலோ பரப்புங்கள். செய்தித்தாளில் குவிப்பதை விட்டுவிடுங்கள். மை ஒட்டும், குவியலுக்குள் ஆவி அடைந்து மேல் சிப்ஸே அடி சிப்ஸை நமுக்க வைக்கும். உப்பும் மிளகாய்த்தூளும் சூடு இருக்கும்போதே தூவினால் ஒட்டும். எண்ணெய் மறுபடி 170 வந்த பிறகே அடுத்த ஈடு.

எல்லாம் முடிந்தால் ஒரு கிலோ கிழங்குக்கு 250 முதல் 300 கிராம் வரை சிப்ஸ் வரும். அதைவிட நிறைய வந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஒன்று தண்ணீர் மிஞ்சியிருக்கிறது அல்லது எண்ணெய் ஏறியிருக்கிறது. ஒன்றை எடுத்து உடைத்தால் எது என்று தெரிந்துவிடும். ஓரம் உடைந்து நடு வளைந்தால் தண்ணீர். முழுசாக உடைந்தும் விரல் பளபளத்தால் எண்ணெய். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போட்டு மூடுங்கள்.