கடையில் நின்ற பிள்ளை ‘மனேஜர்’ ஆகும்போது

வேலைக்கு அனுப்பும் சுயவிவரக் கோவையில் வரும் எழுத்துப்பிழையைப் பற்றியும் பொருத்தமில்லாத மின்னஞ்சல் முகவரியைப் பற்றியும் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். உயர்தரம் முடித்த பிள்ளைகளின் சுயவிவரக் கோவைகளைப் பார்க்கும்போது என்னை இன்றும் எரிச்சலூட்டுவது வேறொன்று.

இல்லாத பதவியை எழுதுவது

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கை தன் கோவையை என்னிடம் கொண்டுவந்தாள். அப்பாவின் பலசரக்குக் கடையில் ‘விற்பனை மனேஜர்’ என்று எழுதியிருந்தாள். “எத்தனை பேரை மேற்பார்வை செய்தாய்?” என்று கேட்டேன். பேசாமல் நின்றாள். என் முதல் நேர்முகத்தில் நானும் அப்படித்தான் நின்றேன். எங்கள் துணிக்கடைக்கு நான் மனேஜர் என்று எழுதிப் போயிருந்தேன். அந்த ஒரு சொல் பொய்யானதும், உண்மையாக நான் செய்த வேலையையும் அவர்கள் நம்பவில்லை.

“சரி, கடையில் என்னதான் செய்தாய்?” என்று கேட்டதும் கொட்டத் தொடங்கினாள். சனியும் ஞாயிறும் ஆறு ஆறு மணித்தியாலம் கல்லாவில் இருந்திருக்கிறாள். வந்திறங்கும் சாமான்களைப் பில்லோடு சரிபார்த்திருக்கிறாள். கடன் கொப்பியை எழுதியிருக்கிறாள். பிறகு இப்படி மாற்றினோம்:

விற்பனை உதவியாளர், பகுதி நேரம், குடும்பப் பலசரக்குக் கடை, கொட்டாஞ்சேனை. 2022 ஜனவரி – 2024 ஜூன். வாரத்துக்கு 12 மணித்தியாலம்.
– கடை மூடும்போது, காலையில் கல்லாவில் வைத்த சில்லறையைக் கழித்து, மீதிப் பணத்தை அன்றைய விற்பனையோடு ஒப்பிட்டேன்.
– வந்த சாமான்களை எண்ணி, பில்லில் உள்ளதற்குக் குறைந்தவற்றைக் குறித்துக் கொடுத்தேன்.
– வாடிக்கையாளரின் கடன் கணக்கைக் கொப்பியில் எழுதினேன்.

‘குடும்ப’ என்ற சொல்லை மறைக்கவில்லை. பரீட்சைக்காகக் கடையை விட்டு நின்ற மாதத்தையும் மாற்றவில்லை.

ஒவ்வொரு வரியையும் ஒரே கேள்வியால் சோதியுங்கள்: “எப்படி?” என்று கேட்டால் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல முடியுமா? அவளால் முடிந்தது. ஒரு நாள் கல்லாவில் ஐந்நூறு ரூபாய் குறைந்திருக்கிறது. பாண் கொண்டுவந்தவருக்குக் கல்லாவிலிருந்து கொடுத்த காசை யாரும் எழுதவில்லை என்பதைக் கண்டுபிடித்து, அன்றிலிருந்து வெளியே போகும் காசுக்கும் துண்டெழுதி வைத்திருக்கிறாள். கணக்குப் பகுதியில் ஆள் எடுப்பவர் கேட்க விரும்புவது இதைத்தான். மனேஜர் என்ற சொல்லுக்குள் இது புதைந்து கிடந்தது. சம்பவம் நினைவுக்கு வராத வரியை வெட்டிவிடுங்கள்.

மாமாவின் நற்சான்று

கொழும்பு வேலை விளம்பரங்கள் பெரும்பாலும் நற்சான்று தர உறவினரல்லாத இருவரைக் கேட்கின்றன. குடும்பக் கடைப் பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒருவராக வகுப்பாசிரியரைப் போடலாம். மற்றவர் உங்கள் கடைக்குச் சாமான் போடும் மொத்த வியாபாரியாக இருக்கலாம். நீங்கள் எண்ணிச் சரிபார்ப்பதை அவர் நேரில் பார்த்தவர். இருவரிடமும் முதலில் சம்மதம் கேளுங்கள்.

‘சிங்களம்: நன்று’

மொழித் திறமையை இப்படி ஒரே சொல்லில் முடிக்காமல், பேச்சு, வாசிப்பு, எழுத்து மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள்.

வராத பெறுபேறு

‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்று எழுதுங்கள். ஊகித்த சித்தியை எழுத வேண்டாம்.