வெர்னியரில் தண்டின் விட்டம், பிறகு எடை: எங்கே தவறுகிறோம்?

ராணிப்பேட்டை சிப்காட் பக்கத்து லேத் பட்டறைகளில் எஃகுத் தண்டு ஒன்றின் எடையைத் தராசில்லாமல் கணக்கிட வேண்டிய நிலை அடிக்கடி வரும். அப்போது எடை தவறினால், பெரும்பாலும் குறை சூத்திரத்தில் இருக்காது. விட்டத்தைப் படித்த விதத்தில்தான் இருக்கும்.

450 மி.மீ. நீளமுள்ள ஒரு தண்டை, 0.02 மி.மீ. மீச்சிற்றளவு கொண்ட காலிப்பரால் அளப்பதாகக் கொள்வோம். வெர்னியர் கோலின் சுழிக்கோடு, முதன்மைக் கோலில் 31-ஐத் தாண்டி 32-க்குச் சற்று முன்னால் நிற்கிறது. முதல் தவறு இங்கேதான் நேர்கிறது: சுழிக்கோடு 32-க்கு அருகில் இருப்பதால் கண் தானாகவே 32 என்று எடுத்துக்கொள்கிறது. சுழிக்கோடு கடந்துவிட்ட கோட்டைத்தான் எடுக்க வேண்டும், ஆகவே 31. தாடையின் விளிம்பையோ நகரும் பகுதியின் ஓரத்தையோ பார்த்துப் படிப்பவர்களும் உண்டு, அது முற்றிலும் தவறு.

அடுத்து, எந்த வெர்னியர் கோடு முதன்மைக் கோலின் கோட்டோடு நேராகிறது என்று, கோலுக்கு நேர் எதிரே கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். 7 என்ற எண்ணுக்குப் பின் மூன்றாவது சிறுகோடு ஒன்றியிருந்தால், பலர் 0.73 என்று எழுதிவிடுகிறார்கள். இந்த வெர்னியரில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஐந்து பிரிவுகள்; ஒவ்வொன்றும் 0.02. ஆகவே 0.70 + 0.06 = 0.76, மொத்தம் 31.76 மி.மீ.

தாடைகளை மூடிப் பார்க்கும்போது வெர்னியர் சுழி வலப்புறம் தள்ளி, இரண்டாம் கோடு ஒன்றினால், அது +0.04 சுழிப்பிழை, கழிக்க வேண்டும். சுழி இடப்புறம் தள்ளி 48-ஆம் கோடு ஒன்றினால் பிழை 0.96 அல்ல, −0.04, அதைக் கழித்தால் அளவு 0.04 கூடும். நம் காலிப்பரில் பிழை +0.04 எனில் விட்டம் 31.72 மி.மீ.

எஃகு உருளைத் தண்டுக்கு, விட்டத்தை மி.மீ.யில் எடுத்து வர்க்கப்படுத்தி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கான எடை கிலோவில் கிடைக்கும்:

```
31.72 × 31.72 ÷ 162 = 6.21
6.21 × 0.45 = 2.79 கிலோ
```

31-க்குப் பதில் 32 எடுத்திருந்தால் விடை 2.97 கிலோ ஆகியிருக்கும். விட்டம் வர்க்கமாவதால், விட்டத்தில் வந்த சுமார் 3 சதவீதப் பிழை எடையில் 6 சதவீதத்துக்கும் மேலாகிறது. சுழிப்பிழையை விட்டதால் மாறுவதோ ஏழு கிராம்தான். எடைக்கு அது பொருட்டல்ல. பேரிங் பொருத்தும் தண்டாக இருந்தால் அதே 0.04 மி.மீ. வேலையையே கெடுத்துவிடும்.

162 என்ற எண் எஃகின் அடர்த்தியான, ஒரு கன செ.மீ.க்கு 7.85 கிராமைக் கொண்டு வந்தது. அலுமினியத்துக்கு இதைப் போட்டால் ஏறத்தாழ மூன்று மடங்கு எடை காட்டும்; அதன் அடர்த்தி 2.7 என்பதால் 2.79-ஐ 7.85-ஆல் வகுத்து 2.7-ஆல் பெருக்க வேண்டும், 0.96 கிலோ வரும். படிப்படியாகக் கடைந்த தண்டாக இருந்தால், ஒவ்வொரு படியின் விட்டத்தையும் நீளத்தையும் தனித்தனியே அளந்து, எடைகளைக் கூட்ட வேண்டும்.