கமோட் சீட் வாங்கும் முன்: போட்டோவை நம்பிச் செய்யும் தவறுகள்

போன வாரம் காட்பாடியில் ஒரு வீட்டில், பிளம்பிங் வேலைக்கு என்னோடு வரும் தம்பி, புது சீட் கவரைப் பிரித்துக் கமோட்டின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "ணா, முன்னாடி பீங்கான் தெரியுதுணா" என்றான். எனக்கு வந்த கோபம் அவன் மேல் இல்லை. பத்து வருடம் முன்பு சத்துவாச்சாரியில் இதே தவறை நான் செய்து, பிரித்த பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மறுத்ததால் 1,850 ரூபாயைக் கையிலிருந்து கட்டினேன்.

கம்பெனி பெயரை மட்டும் சொல்லிக் கேட்பது, வட்டத்துக்கும் சதுரத்துக்கும் வித்தியாசம் பார்க்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை முதல் தடவையிலேயே தெரிந்துவிடும்.

நின்றபடி எடுத்த போட்டோவில் வடிவத்தை முடிவு செய்வது

காட்பாடி வீட்டு அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் கமோட் நல்ல வட்டமாகத் தெரிந்தது. வாசலில் நின்று, போனைச் சாய்த்து எடுத்த படம். சாய்வாகப் பார்க்கும்போது முன்பின் நீளம் சுருங்கும், அகலம் அப்படியே இருக்கும். நீள்வட்டக் கமோட் இதனால்தான் வட்டமாகத் தெரிகிறது. தம்பியும் வட்ட சீட்டையே வாங்கி வந்தான்.

அங்கே டேப் பிடித்துப் பார்த்தோம். பின்னால் சீட் மாட்டும் இரண்டு துளைகளுக்கு நடுவே, மையத்திலிருந்து மையத்துக்கு 155 மில்லிமீட்டர். அந்தத் துளைக் கோட்டிலிருந்து முன் விளிம்பு வரை 445. அகலமான இடத்தில் 360. வாங்கி வந்த சீட்டின் நீளம் 420. துளை இடைவெளி கொஞ்சம் மாறினாலும் பல சீட்களின் கீல் சமாளித்துக்கொள்ளும். முன்பின்னாகவும் சிறிது நகர்த்தலாம். ஆனால் 25 மில்லிமீட்டர் பற்றாக்குறையை எந்தக் கீலும் ஈடுகட்டாது.

நீளத்தை டேங்கிலிருந்து அளப்பவர்களும் உண்டு. டேங்குக்கும் துளைக்கும் நடுவே உள்ள இடம் மாடலுக்கு மாடல் மாறும். துளையின் மையத்திலிருந்துதான் அளக்க வேண்டும்.

"தரை டைல் ஒரு அடிதானே, அதை வைத்துக் கணக்குப் போடலாமே" என்று தம்பி கேட்டான். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் போட்டேன். தரை கேமராவுக்குத் தூரம், கமோட்டின் விளிம்போ சுமார் 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால் பக்கம். தரையிலிருந்து 150 சென்டிமீட்டர் உயரத்தில் நேர் கீழாக எடுத்தால், விளிம்புக்கு 110 தான் தூரம். அதனால் 445 மில்லிமீட்டர் நீளம், டைலை வைத்துப் பார்த்தால் 600க்கு மேல் காட்டும். டேங்க் மூடி மேல் ஸ்கேலை வைத்தால் இதற்கு நேர்மாறாக, கமோட் சிறிதாகத் தெரியும். ஸ்கேல் விளிம்பின் மேலேயே இருக்க வேண்டும். போனை நடுவுக்கு நேர் மேலே, சாய்க்காமல், எட்டும் வரை உயரத்தில் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் படம் கூட வடிவத்துக்குத்தான். வாங்குவதற்கு டேப் அளவு மூன்றும் தனியாக வேண்டும்.

இன்னொன்று, துளையின் அடியில் கை போகிறதா என்று கேளுங்கள். ஒன் பீஸ் கமோட் பலவற்றில் அடிப்பக்கம் மூடியிருக்கும், நட்டு போட முடியாது. அதற்கு மேலிருந்தே இறுக்கும் கீல் உள்ள சீட் தேவை. சத்துவாச்சாரியில் நீளத்தோடு இதிலும் மாட்டினேன்.

மாடல் பெயரை வெளியே தேடுவது

பீங்கானின் மேல் இருப்பது பெரும்பாலும் கம்பெனி முத்திரைதான். ராணிப்பேட்டையில் தயாராகும் பாரிவேர் உட்பட எந்த கம்பெனியிலும் அந்த ஒரு பெயருக்குள் பல மாடல்கள் இருக்கும். டேங்க் மூடியை எடுத்துத் துணி மேல் வைத்துவிட்டு, உள்சுவரில் டார்ச் அடித்து எண்ணோ எழுத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் அடியிலும் பாருங்கள். நம் போர் தண்ணீர் உப்பு வெள்ளையாகப் படிந்து எழுத்தை மறைத்திருந்தால் வினிகர் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் ஒட்டிவைத்துத் துடையுங்கள். மூடி எப்போதாவது மாற்றியதாக இருக்கலாம், அதனால் மூடியில் உள்ள எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

ஃப்ளஷ் பாகத்தைப் பட்டனைப் பார்த்து வாங்குவது

உள்ளே பார்க்காமல் வாங்காதீர்கள். மூடியில் பட்டன் துளையின் விட்டம், டேங்க் அடியிலிருந்து மூடி வரை உயரம், அடியில் தண்ணீர் வெளியேறும் துளை 2 அங்குலமா 3 அங்குலமா, தண்ணீர் ஏறும் குழாய் பக்கத்திலா அடியிலா. இந்த நான்கும் பொருந்தினால் வேறு கம்பெனி பாகமும் பெரும்பாலும் உட்காரும்.

வாஷ்பேசின் கப்ளிங்

பேசின் உள்சுவரில் மேலே நிரம்பி வழியும் துளை இருந்தால் பக்கவாட்டில் ஓட்டையுள்ள கப்ளிங். இல்லையென்றால் ஓட்டை இல்லாதது.

காட்பாடி வீட்டில் அன்று சீட்டை மாட்டவில்லை. அதே பெட்டியில் வைத்துவிட்டு, 445 நீளத்தில் மேலிருந்து இறுக்கும் சீட் வாங்கி வந்து மறுநாள் மாட்டினோம்.